பெரிதாக்கும் வேலையை யாரிடம் விடுவது: கிராபிக்ஸ் கார்டிடமா, மானிட்டரிடமா?

கேள்வி: "என்னிடம் 27 அங்குல 2560×1440, 165 ஹெர்ட்ஸ் மானிட்டரும் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டும் இருக்கின்றன. புதிய கேம்களை 1920×1080-இல்தான் ஓட்ட முடிகிறது. டிரைவரில் ஸ்கேலிங்கை 'GPU'-வில் வைத்தால் எஃப்பிஎஸ் குறையும், லேக் வரும், 'Display'-இல் வை என்கிறான் நண்பன். இன்னொருவர் நேர்மாறாகச் சொல்கிறார். படமும் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிகிறது. எதை வைப்பது சரி?"

உங்கள் அமைப்புக்கு "GPU" என்பதையும் அதனுடன் "Aspect ratio" என்பதையும் வையுங்கள். எஃப்பிஎஸ் குறையாது. லேக் பற்றிய அச்சத்திலும் பெரும்பகுதி தேவையற்றது. ஆனால் மங்கல் இந்த மாற்றத்தால் தீராது. அதற்கு வேறு வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். பல ஆண்டுகளாக மானிட்டர்களைப் பிரித்துப் பழுது பார்ப்பதும், வாங்கியவர்களுக்கு அவற்றை அமைத்துக் கொடுப்பதும் என் தொழில். அந்தப் பழக்கத்தில் எது உறுதி, எது மானிட்டருக்கு மானிட்டர் மாறும் என்பதைப் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் இந்த அமைப்பு எதை மாற்றுகிறது என்பதைப் பார்ப்போம். கேம் ஒரு ஃபிரேமை வரைந்து முடித்ததும் அது கார்டின் நினைவகத்தில் 1920×1080 பிக்சல்களாக உட்கார்ந்திருக்கிறது. கார்டுக்குள் இருக்கும் காட்சிப் பகுதி அந்த ஃபிரேமை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படித்து கேபிள் வழியே அனுப்புகிறது. "Display" என்று வைத்தால், 1920×1080 சிக்னல் அப்படியே கேபிளில் போகும். மானிட்டருக்குள் இருக்கும் ஸ்கேலர் சிப் அதை 2560×1440 ஆகப் பெரிதாக்கிப் பேனலுக்குக் கொடுக்கும். "GPU" என்று வைத்தால், படித்து அனுப்பும் அந்தக் கட்டத்திலேயே பெரிதாக்கல் நடந்துவிடும். கேபிளில் போவது எப்போதும் 2560×1440 சிக்னல்தான். கேம் சிறிய ரெசல்யூஷனில் ஓடுகிறது என்பதே மானிட்டருக்குத் தெரியாது. ஆக, இங்கே நீங்கள் தேர்ந்தெடுப்பது கேபிளில் எந்த சிக்னல் ஓடவேண்டும் என்பதைத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும் நீங்களே ஊகித்துவிடலாம்.

எஃப்பிஎஸ் பற்றிய அச்சம் ஒரு பெயர்க் குழப்பத்தில் பிறந்தது. கார்டு பெரிதாக்குகிறது என்றவுடன், கேமை வரையும் அதே பகுதிகள்தாம் இந்தக் கூடுதல் சுமையையும் இழுக்கின்றன என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இந்த வேலைக்கென்றே காட்சிப் பகுதியில் தனிச் சுற்று இருக்கிறது. கேமை வரையும் ஷேடர்கள் இதில் ஈடுபடுவதில்லை. எனவே அவற்றின் நேரமும் செலவாவதில்லை. இதற்கு விதிவிலக்கு, டிரைவர்கள் பிற்பாடு கொண்டுவந்த மேம்பட்ட முறைகள்: என்விடியாவின் "Image Scaling", ஏஎம்டியின் "Radeon Super Resolution" ஆகியவை. இவை வெறும் பெரிதாக்கலோடு நிற்காமல் விளிம்புகளை ஆராய்ந்து கூர்மையும் ஏற்றுவதால், ஷேடர் நேரத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். நீங்கள் கேட்ட சாதாரண அமைப்பு அந்த வகையைச் சேர்ந்ததன்று.

லேக் விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 165 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமின் காலம் ஏறக்குறைய 6 மில்லிசெகண்டு. அந்த நேரத்துக்குள் 1440 வரிகள் போகின்றன. ஆகவே ஒரு வரிக்குச் சுமார் 4 மைக்ரோசெகண்டு. மேலும் கீழும் உள்ள வரிகளைக் கலந்து புது வரி உண்டாக்குவதற்குச் சில வரிகளை மட்டும் கையில் வைத்திருந்தால் போதும். பத்து வரிகளைப் பிடித்து வைத்தாலும் தாமதம் 40 மைக்ரோசெகண்டுதான், அதாவது ஒரு மில்லிசெகண்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. கார்டு வழிப் பெரிதாக்கலில் சிறிது தாமதம் சேரும் என்று ஏஎம்டி தன் உதவிப் பக்கங்களில் குறிப்பிட்டது உண்மை. அந்தச் "சிறிது" விரலுக்கும் கண்ணுக்கும் எட்டக்கூடியதன்று என்பதே இந்தக் கணக்கிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு.

மறுபக்கம், மானிட்டரின் ஸ்கேலர் எவ்வளவு தாமதப்படுத்தும் என்பதை எல்லா மானிட்டருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. நல்ல கேமிங் மானிட்டர்கள் அதையும் சில வரிகளைப் பிடித்தே செய்துவிடுகின்றன. ஆனால் முழு ஃபிரேமையும் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு வேலை தொடங்கும் மானிட்டர்களும் இருக்கின்றன. தொலைக்காட்சிகளில் இது சாதாரணம். 60 ஹெர்ட்ஸில் ஒரு முழு ஃபிரேம் என்பது 16.7 மில்லிசெகண்டு. இது உணரக்கூடிய அளவு. ஆக, உங்கள் நண்பர் அஞ்சும் தாமதம் வர வாய்ப்பிருக்கிறதென்றால் அது அவர் பரிந்துரைக்கும் பக்கத்திலிருந்துதான் அதிகம். உங்கள் மானிட்டர் எந்த வகை என்பதை அளவெடுக்காமல் நான் தீர்ப்பு சொல்லமாட்டேன். இரண்டு வகையாக இருந்தாலும் "GPU" என்று வைப்பதால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை.

நடைமுறையில் "லேக் கூடிவிட்டது" என்று சொல்லி வருபவர்களின் இயந்திரத்தைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் காரணம் பெரிதாக்கலே அல்ல. ரெஃப்ரெஷ் ரேட் விழுந்திருக்கும். ஒவ்வொரு மானிட்டரும் தான் ஏற்றுக்கொள்ளும் ரெசல்யூஷன்களையும் அவற்றுக்கான ரெஃப்ரெஷ் ரேட்டுகளையும் ஒரு பட்டியலாகக் கார்டுக்குத் தெரிவிக்கிறது. பேனலுக்கே உரிய நேட்டிவ் ரெசல்யூஷனுக்கு 165 என்று எழுதியிருக்கும் அதே பட்டியலில், 1920×1080-க்கு 60 மட்டுமோ, 60-உம் 120-உம் மட்டுமோ இருக்கலாம். 1280×960 போன்ற பழைய அளவுகளுக்கு 60-க்கோ 75-க்கோ மேல் இருப்பது அரிது. "Display" என்று வைத்தால் மானிட்டர் சொன்ன அந்தப் பட்டியலுக்குள்தான் கார்டு நிற்கவேண்டும். 165-இலிருந்து 60-க்கு இறங்கினால் ஒரு ஃபிரேமின் காலம் 6 மில்லிசெகண்டிலிருந்து 16.7 ஆகிறது; மௌஸை நகர்த்தியவுடன் கை அதைக் கண்டுபிடித்துவிடும். "GPU" என்று வைத்தால் போவது நேட்டிவ் சிக்னல் என்பதால், எந்த ரெசல்யூஷனில் விளையாடினாலும் 165 ஹெர்ட்ஸ் உங்களுக்குக் கிடைக்கும். நான் "GPU" பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இதே வேரிலிருந்து இன்னொரு சிக்கலும் முளைக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளில் 1920×1080 என்பது தொலைக்காட்சிக்கான வடிவமாகவும் இருப்பதால், டிரைவர் அதைப் பார்த்ததும் எதிரே இருப்பது டிவி என்று முடிவு கட்டிவிடுவதுண்டு. அப்போது நிறங்களை முழு வீச்சில், அதாவது 0 முதல் 255 வரை அனுப்பாமல், 16 முதல் 235 வரையிலான குறுகிய வீச்சில் அனுப்பும். மானிட்டர் அதை முழு வீச்சு என்றே எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாகவும் வெள்ளை மங்கலாகவும் தெரியும். கேமுக்குள் போனதும் நிறம் வெளுத்து, டெஸ்க்டாப்புக்குத் திரும்பியதும் சரியாகிறதென்றால் சந்தேகப்படவேண்டியது இதைத்தான். என்விடியா கண்ட்ரோல் பேனலில் "Change resolution" பக்கத்தில் "Use NVIDIA color settings" என்பதைத் தேர்ந்து, "Output dynamic range" என்பதை "Full" ஆக்கினால் தீரும். "GPU" ஸ்கேலிங்கில் சிக்னல் மாறுவதே இல்லை என்பதால் இந்தச் சிக்கல் எழவே இடமில்லை. கேமிலிருந்து வெளியே தாவும்போது திரை ஓரிரு விநாடி கறுத்து மீண்டும் வருவதும் இதனால் குறையும். அது மானிட்டர் புதிய சிக்னலைப் பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம்.

இனி மங்கல் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். 1920-ஐ 2560 ஆக்குவது என்றால் ஒவ்வொரு 3 பிக்சலும் 4 பிக்சலாக வேண்டும். மூன்றை நான்காகப் பங்கிட்டால் எந்தப் பிக்சலும் முழுதாக ஒரு இடத்தில் அமர முடியாது. பக்கத்துப் பிக்சல்களைக் கலந்தே ஆகவேண்டும். மிக எளிய கலப்பு முறையை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். கறுப்புப் பின்னணியில் ஒரு பிக்சல் அகலமுள்ள வெள்ளைக் கோடு செங்குத்தாக நிற்கிறது. அந்தக் கோடு மூன்றில் நடுப் பிக்சலாக இருந்தால், பெரிதாக்கிய பின் அது இரண்டு பிக்சல் அகலமாகி, இரண்டும் 62.5 சதவீத வெண்மையில் சாம்பலாக நிற்கும். அதே கோடு ஒரு பிக்சல் இடப்புறம் தள்ளி, மூன்றில் முதலாவதாக இருந்தால், மூன்று பிக்சல்களில் பரவும்: 12.5, 87.5, 37.5 சதவீதம். ஒன்று சீராக வெளிறிய கோடு, இன்னொன்று நடுவில் பிரகாசமாகி ஓரங்கள் மங்கிய கோடு. இரண்டும் மூலத்தில் ஒரே கோடு. எழுத்துகளின் செங்குத்துக் கால்கள் ஒன்றுக்கொன்று சமமில்லாமல் தெரிவதும், தொலைவிலுள்ள கம்பி வேலியும் மின்கம்பியும் நடக்கும்போது மினுங்குவதும் இதனால்தான்.

கார்டோ மானிட்டரோ எது செய்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. மேம்பட்ட வடிப்பான்கள் இன்னும் அதிகப் பக்கத்துப் பிக்சல்களைக் கணக்கில் எடுத்துச் சமமின்மையைக் குறைக்கும், ஆனால் இல்லாத விவரத்தைக் கொண்டுவர முடியாது. இதில் எந்தப் பக்கம் சிறப்பு என்பது மட்டும் உறுதியாகச் சொல்லக்கூடியதன்று. சில மானிட்டர்களின் ஸ்கேலர் கொஞ்சம் கூர்மையை ஏற்றிக் கொடுக்கும், அதனால் முதல் பார்வைக்கு "தெளிவாக" இருக்கும். உற்றுப் பார்த்தால் விளிம்புகளைச் சுற்றி வெள்ளை நிழல் ஓடும். சில மானிட்டர்கள் சோப்பு தேய்த்த கண்ணாடி மாதிரி காட்டும். கார்டின் சாதாரணப் பெரிதாக்கல் பொதுவாக மென்மையான பக்கமே நிற்கும். அதுபோக, மெனுவில் "Sharpness" எந்த எண்ணில் இருக்கிறது என்பதும் தீர்ப்பைப் புரட்டிப்போடும். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் கண்ணே நீதிபதி.

கண்ணால் ஒப்பிடும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்க்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் பிடிப்பது பெரிதாக்கலுக்கு முந்தைய 1920×1080 ஃபிரேமை. இரண்டு அமைப்பிலும் எடுத்த படங்கள் ஒன்றுபோலவே இருக்கும். "இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை, இதோ ஆதாரம்" என்று ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டி வாதாடுபவர்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். சிறு எழுத்துகள் உள்ள ஒரே காட்சியில் நிறுத்தி, கைபேசியை அசையாமல் பொருத்தித் திரைக்கு நெருக்கமாகப் புகைப்படம் எடுத்து ஒப்பிடுவதே முறை.

மங்கலோடு சேர்த்து இன்னொரு நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். "சரியாக இரண்டு மடங்கு என்றால் மங்கலே இருக்காது, 4கே திரையில் 1080 அப்படியே கூர்மையாகத் தெரியும், 1440 திரையில் 720 அப்படியே தெரியும்" என்பார்கள். ஒவ்வொரு பிக்சலையும் 2×2 கட்டமாக நகல் எடுத்தால் அது உண்மைதான். ஆனால் சாதாரணப் பெரிதாக்கல் நகல் எடுப்பதில்லை. இரண்டு மடங்கானாலும் அதே கலப்பைத்தான் செய்கிறது, பக்கத்துப் பிக்சலில் கால் பங்கு வந்து சேர்ந்துவிடும். நகலெடுக்கும் முறைக்கு "Integer scaling" என்று தனிப் பெயர். என்விடியா இதை 2019-இல் டூரிங் வகைக் கார்டுகளுக்குக் கொடுத்தது. உங்கள் 1660 சூப்பரும் டூரிங்தான், எனவே அதே பக்கத்தில் உங்களுக்கும் அது தெரியும். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்து 1920×1080-இல் கேமைத் திறந்தால் ஏமாற்றம்தான் வரும்: 1440-க்குள் 1080 முழுமடங்காக ஒருமுறைதான் அடங்கும் என்பதால், படம் பெரிதாகாமல் நான்கு பக்கமும் கறுப்புச் சட்டத்தோடு நடுவில் நிற்கும். பழைய பிக்சல் கேம்களை 1280×720-இலோ 640×360-இலோ ஓட்டுவதற்கு அது அருமையான கருவி. உங்கள் தேவைக்கு அன்று.

கறுப்புச் சட்டத்தோடு நடுவில் நிறுத்துவதையே விரும்பித் தேர்பவர்களும் உண்டு. "No scaling" என்பது அதற்காகத்தான். உங்கள் 27 அங்குலத் திரையில் 1920×1080 அப்படி நின்றால் மூலைவிட்டம் 20 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். ஒரு பிக்சல்கூடக் கலங்காது. போட்டிக் கேம் விளையாடுபவர்கள் சிலர் இதைப் பெரிதும் விரும்புகிறார்கள். எனக்கு இவ்வளவு பெரிய திரையை வாங்கிவிட்டு ஓரத்தை இருட்டாக்கி வைக்க மனம் வருவதில்லை, அது வேறு விஷயம்.

மங்கலைத் தீர்க்க மெய்யான வழி, இந்த இரண்டிடமும் வேலையைக் கொடுக்காமல் கேமிடமே கொடுப்பது. இப்போதைய கேம்களில் பெரும்பாலானவற்றில் ரெசல்யூஷனுக்குக் கீழே "Render scale" அல்லது "Resolution scale" என்று ஒரு அமைப்பு இருக்கும். ரெசல்யூஷனை 2560×1440-இலேயே விட்டு, அதை 75 சதவீதம் ஆக்கினால் கேம் உள்ளே வரைவது 1920×1080 தான். கார்டின் சுமையும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் உயிர்ப்பட்டை, வரைபடம், உரையாடல் எழுத்து, குறிவட்டம் முதலியவை பெரிதாக்கிய பின் நேட்டிவ் அளவில் வரையப்படும். கண் அதிகம் கவனிப்பது அவற்றைத்தான் என்பதால், அவை கூர்மையானதுமே மொத்தப் படமும் தெளிந்ததுபோல இருக்கும். ஒரு எச்சரிக்கை: சில கேம்களில் அந்தச் சதவீதம் அகலத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனியாக அன்றி, மொத்தப் பிக்சல் எண்ணிக்கைக்கு இருக்கும். 2560×1440 என்பது சுமார் 36.9 லட்சம் பிக்சல், 1920×1080 என்பது சுமார் 20.7 லட்சம், எனவே அந்த வகைக் கேமில் 1080-க்கு இணையான எண் 75 அன்று, 56.

கேமில் "FSR" இருந்தால் இன்னும் நல்லது. அது கேமுக்குள்ளேயே பெரிதாக்கும் ஏஎம்டியின் முறை என்றாலும் என்விடியா கார்டுகளிலும் ஓடும். (அதே வேலையைச் செய்யும் என்விடியாவின் "DLSS"-க்கு ஆர்டிஎக்ஸ் கார்டு வேண்டும், உங்களுடையதில் வராது.) அதன் இரண்டாம் பதிப்பிலிருந்து முந்தைய ஃபிரேம்களின் விவரங்களையும் சேர்த்துக்கொள்வதால், கம்பி வேலி மினுங்குவது போன்றவை வெகுவாக அடங்கும். அங்கே "Quality" என்று வைத்தால் உங்கள் திரைக்கு உள்ளே வரைவது ஏறத்தாழ 1706×960, அதாவது 1080-ஐவிடவும் குறைவு. இருந்தும் 1080-ஐ டிரைவர் பெரிதாக்கியதைவிடப் பெரும்பாலான கேம்களில் இதுவே பார்க்க நன்றாக இருக்கும். இந்த முறை தனக்கென்று சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், எஃப்பிஎஸ் 960-க்கு உரிய அளவு முழுதும் ஏறும் என்று எதிர்பார்க்கவேண்டாம். இப்படி எந்த வசதியும் இல்லாத கேம்களுக்குத்தான் "GPU" அல்லது "Display" என்ற கேள்வியே மிஞ்சுகிறது.

அங்கும் ஒன்றைப் பார்க்கவேண்டும். கேம் "Borderless" முறையில் ஓடினால் டிரைவரின் இந்த அமைப்புக்கு அநேகமாக வேலையே இருக்காது. டெஸ்க்டாப்பின் ரெசல்யூஷன் மாறாமல் நிற்க, பெரிதாக்கலைக் கேமோ விண்டோஸோ செய்துவிடும். "இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை" என்பவர்களில் பலர் இந்த முறையில் விளையாடுகிறவர்கள். "Fullscreen" என்று வைத்துத்தான் சோதிக்கவேண்டும். அப்படி வைத்தும் சில புதிய கேம்கள் உள்ளூர "Borderless" போலவே நடந்துகொள்ளும்.

அமைக்கும் முறை இது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் "Adjust desktop size and position" என்ற பக்கத்துக்குப் போங்கள். "Scaling" தாவலில் "Aspect ratio" என்பதையும், "Perform scaling on" என்பதில் "GPU" என்பதையும் தேர்ந்தெடுங்கள். கீழே "Override the scaling mode set by games and programs" என்பதையும் குறியிட்டு "Apply" கொடுங்கள். 4:3 படத்தை வேண்டுமென்றே அகலமாக இழுத்து விளையாடுபவராக இருந்தால் மட்டும் "Aspect ratio"-வுக்குப் பதில் "Full-screen". ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு இதே அமைப்பு "Display" தாவலில் "GPU Scaling" என்றும், அதற்குக் கீழே "Scaling Mode" என்றும் இருக்கும்.

அது நடைமுறைக்கு வந்ததா என்று பார்க்க, டெஸ்க்டாப்பையே தற்காலிகமாக 1920×1080-க்கு மாற்றிவிட்டு, விண்டோஸ் அமைப்புகளில் "System", "Display", "Advanced display" என்று போங்கள். அங்கே "Desktop mode" என்றும் "Active signal mode" என்றும் இரண்டு வரிகள் இருக்கும். முதலாவதில் 1920×1080-உம் இரண்டாவதில் 2560×1440-உம் இருந்தால் கார்டுதான் பெரிதாக்குகிறது. இரண்டிலும் 1920×1080 இருந்தால் மானிட்டர் செய்கிறது. அப்போது பக்கத்திலேயே உள்ள ஹெர்ட்ஸ் எண்ணையும் பாருங்கள், அது 60-க்கு இறங்கியிருக்கலாம். கேமுக்குள் இருக்கும்போது மானிட்டரின் பொத்தானை அழுத்தி அதன் தகவல் மெனுவைத் திறந்தாலும், உள்ளே வரும் சிக்னலின் அளவை அது சொல்லும்.

படத்தின் விகிதத்தைக் காப்பதிலும் கார்டு வழியே நம்பகமானது. மானிட்டர் மெனுவில் படத்தின் அளவைத் தேர்ந்தெடுக்கும் வசதி சில மாடல்களில் இருப்பதே இல்லை. இருக்கும் மாடல்கள் பலவற்றிலும் "FreeSync" அல்லது "Adaptive-Sync" இயங்கும்போது அந்த வரி சாம்பலாகித் தொட முடியாமல் போகும். 1280×1024-இல் ஓடும் பழைய கேமைத் திறந்தால் எல்லோர் முகமும் அகன்று தெரியும், மானிட்டரில் அதைத் திருத்த வழி இருக்காது. கார்டில் "Aspect ratio" என்று வைத்திருந்தால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்து முகம் முகமாக நிற்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், "Display" என்பதே சரியான தேர்வாக இருக்கும் இடங்கள் உண்டு. நேட்டிவ் சிக்னல் கேபிளில் முழு வேகத்தில் போக முடியாத இடம் முதலாவது. எச்டிஎம்ஐ 2.0 வழியே இணைத்த 4கே மானிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 3840×2160-ஐ முழு நிறத்தோடு 60 ஹெர்ட்ஸ் வரைதான் அந்த இணைப்பு தாங்கும். ஆனால் 1920×1080-ஐ 120 ஹெர்ட்ஸிலும் எளிதாகக் கொண்டுபோகும். "GPU" என்று வைத்தால் போவது 4கே சிக்னல் என்பதால் 60-இலேயே மாட்டிக்கொள்வீர்கள். "Display" என்று வைத்தால், மானிட்டரின் பட்டியலில் அது இருக்குமானால், 120 கிடைக்கும். இரண்டாவது, இரட்டை முறை மானிட்டர்கள். 2024-இல் வந்த எல்ஜியின் 32ஜிஎஸ்95யுஇ 4கே-யில் 240 ஹெர்ட்ஸும், ஒரு பொத்தானை அழுத்தினால் 1920×1080-இல் 480 ஹெர்ட்ஸும் ஓடும். அந்த 480-க்கு கேபிளில் 1080 சிக்னலே போகவேண்டும். பெரிதாக்கல் மானிட்டரின் பொறுப்பு. மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்த்ததில் உங்கள் மானிட்டரின் ஸ்கேலர் உங்கள் கண்ணுக்கு உண்மையிலேயே பிடித்திருந்து, 1920×1080-க்கும் முழு ரெஃப்ரெஷ் ரேட்டை அது தருவதாக இருந்தால், தாராளமாக அதையே வைத்துக்கொள்ளலாம். உங்கள் 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை டிஸ்ப்ளேபோர்ட் வழியே இணைத்திருந்தால் முதல் இரண்டும் உங்களுக்குப் பொருந்தா.

மடிக்கணினியில் இந்தப் பதிலைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மடிக்கணினியின் உள்திரையில் பொதுவாகத் தனி ஸ்கேலர் இருப்பதில்லை. எந்த ரெசல்யூஷனானாலும் கிராபிக்ஸ் பகுதிதான் பெரிதாக்கி அனுப்பும். அதனால் "Display" என்ற தேர்வு அங்கே காணாமல் போயிருந்தால் பழுது என்று எண்ணவேண்டாம். என்விடியா கார்டு இருந்தும் அதன் கண்ட்ரோல் பேனலில் இந்தப் பக்கமே இல்லையென்றால், திரை பிராசசரோடு உள்ள இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸோடு இணைந்திருக்கிறது என்று பொருள். விகிதத்தைக் காக்கும் அமைப்பை அந்த நிறுவனத்தின் மென்பொருளில் தேடவேண்டும்.